நாலு பக்கப் பேப்பரைக் கையில தந்து "வாசிச்சுச் சொல்லு" எண்டா என்ன செய்யிறது?

"அக்கா, பாரிசுக்குப் பக்கத்தில ஒரு கிளினிக்குக்கு மொழிபெயர்ப்புக்குப் போகத் தொடங்கி கொஞ்ச நாள்தான். ரெண்டு பக்கமும் கதைக்கிறதை மாத்திச் சொல்லுறது பெரிய பிரச்சினை இல்லை. போன கிழமை, குடலுக்குள்ள கமரா விட்டுப் பாக்கிற கொலோஸ்கோப்பி செய்யப்போற ஒரு அம்மாவுக்கு, நேர்ஸ் நாலு பக்கம் பிரெஞ்சுப் பேப்பரை என்ர கையில தந்து 'வாசிச்சுச் சொல்லி சைன் வாங்குங்கோ' எண்டுட்டு வெளியில போயிட்டா. நான் திக்கித் திணறி பாதியைச் சுருக்கித்தான் சொன்னன். பேப்பரைப் பாத்து உடன வாயால தமிழில சொல்லுறதுக்கு முறை ஏதும் இருக்கோ? எதுவரைக்கும் நான் செய்யலாம், எதை மாட்டன் எண்டு சொல்லலாம்?"

தங்கச்சி, வாசிக்கிற முறைக்கு வரமுதல் அந்த நேர்ஸ் வெளியில போனதைப் பற்றிக் கதைப்பம், உங்கட திணறலில பாதி அங்கதான் தொடங்கினது. பிரான்சில 2002 மார்ச் 4 ஆம் திகதிச் சட்டப்படி, ஒரு சோதனையோ வைத்தியமோ என்னத்துக்கு, அதில என்ன ஆபத்து, வேற வழி இருக்கோ, செய்யாட்டி என்ன நடக்கும் எண்டு நோயாளிக்குச் சொல்லவேண்டியது வைத்தியப் பக்கம்தான், அதுவும் நேருக்கு நேர் கதைச்சுச் சொல்லவேணும். பேப்பர் குடுத்தது அந்தக் கதைக்குப் பதிலாகாது. பேந்து பிரச்சினை எண்டு வந்தா, நாங்கள் சொன்னனாங்கள் எண்டு நிரூபிக்கவேண்டியதும் அவைதான். அப்ப நீங்களும் அந்த அம்மாவும் தனிய ஒரு அறைக்குள்ள இருந்து நாலு பக்கத்தை வாசிச்சு சைன் வைச்சா, அம்மா ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்ல அங்க ஆள் இல்லை, நீங்கள் சொன்னா நீங்கள் டொக்டர் வேலை செய்யிறீங்கள், சொல்லாட்டி அம்மா விளங்காமல் சைன் வைக்கிறா. ரெண்டும் பிழை.

அதால அடுத்தமுறை பேப்பர் கைக்கு வந்த உடன, கதவு சாத்த முதலே மரியாதையாச் சொல்லுங்கோ: நான் இதைத் தமிழில வாசிச்சுச் சொல்லுவன், ஆனா அவா கேள்வி கேட்டா நான் பதில் சொல்ல ஏலாது, அதால டொக்டரோ நீங்களோ இங்க இருக்கவேணும், இப்ப நேரமில்லை எண்டா பேந்து செய்வம், நான் காத்திருக்கிறன். எரிச்சலாப் பாப்பினம், பாக்கட்டும். எனக்குத் தெரிய முக்கால்வாசி ஆக்கள் இதைக் கேட்டா ஒரு பெருமூச்சு விட்டுட்டு கதிரையை இழுத்துக்கொண்டு இருப்பினம். இன்னும் சில இடத்தில நல்லதும் நடக்கும், டொக்டர் "அப்ப பேப்பரை விடுங்கோ, நானே அதில உள்ளதைச் சொல்லுறன், நீங்கள் மொழிபெயருங்கோ" எண்டு தொடங்குவார். அதுதான் எல்லாத்திலயும் திறம், ஏனெண்டா டொக்டர் வாயால சொல்லேக்க வசனம் சின்னனா வரும், அம்மாவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுவார்.

சரி, அவை இருக்கினம், பேப்பர் உங்கட கையில. உடன வாயைத் திறக்காதேங்கோ. "ஒருக்காப் பாக்க ரெண்டு நிமிஷம் தாங்கோ" எண்டு பிரெஞ்சில அவைக்கும், "அம்மா, நான் முதல்ல ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன்" எண்டு தமிழில அவாக்கும் சொல்லுங்கோ, ஒருத்தரும் சும்மா முழிச்சுக்கொண்டு இருக்கக்கூடாது. அந்த ரெண்டு நிமிஷத்தில முழுக்க வாசிக்க ஏலாது, தேவையும் இல்லை. தலைப்பைப் பாருங்கோ, கடைசிப் பக்கத்தில சைன் வைக்கிற இடத்தில என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ, அதைப் பாத்தா இது வெறும் விளக்கமோ சம்மதமோ எண்டு தெரியும். பிறகு தடிச்ச எழுத்து, நம்பர், நேரம், மருந்துப் பேர், இதுகளில கண்ணை ஓட்டுங்கோ. தெரியாத சொல்லு ஏதும் தட்டுப்பட்டா அந்த இடத்திலயே நேர்ஸிட்டக் கேளுங்கோ, நடுவில நிண்டு கேக்கிறதை விட அது மேல்.

கொலோஸ்கோப்பிப் பேப்பர் எண்டா ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறினாலும் உள்ளுக்கு இருக்கிறது அநேகமா ஒண்டுதான். ஏன் செய்யிறது, மயக்க மருந்து, ஆபத்துகள், சோதனைக்கு முந்தின நாளுகளில என்ன சாப்பிடலாம், குடல் கழுவிற மருந்தை எப்ப எப்பிடிக் குடிக்கிறது, எந்த மருந்தைச் சொல்லவேணும், முடிஞ்சு வீட்டை போகேக்க கூட ஆர் வரவேணும். இந்த ஒழுங்கு மண்டையில இருந்தா பாதிப் பயம் போயிடும்.

இனித்தான் உண்மையான சிக்கல். பிரெஞ்சில வினைச்சொல்லும் "இல்லை"யும் வசனத்தின்ர முன்பக்கமே வந்திடும், நிபந்தனை எல்லாம் பின்னால வாலா வரும். தமிழில மறுவளம், செய்யலாமோ செய்யக்கூடாதோ எண்டுறது கடைசியிலதான் வரும். நீங்கள் வரிசையாப் பாத்துக்கொண்டு தமிழில சொல்லத் தொடங்கினா, வசனத்தின்ர நடுவில வந்து எப்பிடி முடிக்கிறது எண்டு தெரியாமல் நிப்பீங்கள், திணறிறது அநேகமா அந்த இடத்திலதான். அதால ஒரு வசனத்தைச் சொல்ல முதல் கண்ணால முற்றுப்புள்ளி மட்டும் போய் வாங்கோ. அதில மூண்டு விஷயம் தேடுங்கோ: ஆர் செய்யவேணும், என்ன செய்யவேணும், என்ன நிபந்தனை. கிடைச்சாப் பிறகு வாயைத் திறவுங்கோ.

ஒண்டைக் கிட்ட வைச்சுப் பாப்பம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிற ஆக்களுக்கு இப்பிடி ஒரு வசனம் வரும்: "ல த்ரெத்மோன் ஓன்திகொஆக்யுலோன் ந துவா எத்ர் ஆன்தெரோம்ப்யூ க சூர் அவி ட்யூ மெத்சன் ப்ரெஸ்க்ரிப்தர் ஊ த லனெஸ்தேசிஸ்த்." வேகமா வாசிக்கிற ஆளுக்கு கண்ணில முதல்ல படுறது மருந்து, பிறகு நிப்பாட்டுறது எண்ட சொல்லு. "அந்த மருந்தை நிப்பாட்டவேணும்" எண்டு சொல்லிப்போடுவினம். இன்னொரு ஆள் முன்னால நிக்கிற "ந"வைப் பாத்து "நிப்பாட்டவே கூடாது" எண்டு சொல்லுவார். ரெண்டும் பிழை, ரெண்டும் ஆபத்து. ஒண்டில ரத்தம் கட்டியாகி அடைக்கலாம், மற்றதில ஏதும் வெட்டி எடுக்கேக்க ரத்தம் போகலாம். உள்ள விஷயம் அந்தச் சின்ன "க"வில இருக்கு, "மட்டும்தான்" எண்டுறது அதுதான். இதைத் தமிழில ரெண்டா உடைக்கவேணும்: "ரத்தம் உறையாமல் இருக்கக் குடுக்கிற மருந்தை நீங்களா நிப்பாட்டக்கூடாது. அந்த மருந்தை எழுதித் தந்த டொக்டர், இல்லாட்டி மயக்க மருந்து டொக்டர், இவை சொன்னா மட்டும்தான் நிப்பாட்டலாம்." ஒரு பிரெஞ்சு வசனம் ரெண்டு தமிழ் வசனமாகிறதில ஒரு பிழையும் இல்லை, உள்ளதில ஒண்டும் குறையக்கூடாது, கூடவும் கூடாது, அவ்வளவுதான். இப்பிடி "க", தவிர எண்டுற "ஸோஃப்", இந்த நிபந்தனையில மட்டும் எண்டுற "சூ ரெசெர்வ்", இதுகள் வாற இடமெல்லாம் விரலை அதில வைச்சு நிண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ, பேப்பரில பிழைபடுற இடம் அநேகமா நோயின்ர பேரில இல்லை, இப்பிடிச் சின்னச் சொல்லுகளிலதான்.

மயக்க மருந்து டொக்டர் எண்டு வந்ததால சொல்லுறன், பிரான்சில அவரை சோதனைக்குச் சில நாள் முதலே தனியாப் போய்ப் பாக்கவேணும், 1994 இல இருந்து அது கட்டாயம். அந்த மருந்துக் கேள்விக்குச் சரியான இடம் அந்த ரொந்தேவுதான். அம்மா "அப்ப என்ர குளிசையை என்ன செய்யிறது பிள்ளை" எண்டு உங்களைக் கேட்டா அந்தக் கேள்வியை அப்பிடியே பக்கத்தில இருக்கிற நேர்ஸுக்குச் சொல்லுங்கோ, நீங்கள் "அதை அங்க கேக்கலாம் அம்மா" எண்டு சொல்லாதேங்கோ, அதை நேர்ஸ் சொல்லட்டும்.

வாசிக்கேக்க ஒரு வெள்ளைப் பேப்பரை வரிக்குக் கீழ வைச்சு இறக்கிக்கொண்டு போங்கோ, வரி பாயாது. கதைக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் மெதுவா, ஆனா ஒரே சீரா. தெரிஞ்ச இடத்தில ஓடி தெரியாத இடத்தில நிக்கிற பழக்கம் இருந்தா, கேக்கிற ஆள் நிக்கிற இடத்தைப் பாத்து "ஏதோ கூடாத விஷயம் வருது" எண்டு பயப்படுவா. ஒவ்வொரு பத்தி முடியவும் நிமிந்து அம்மாவைப் பாருங்கோ. பிழையாச் சொல்லிட்டீங்கள் எண்டா மெதுவா மறைச்சு மாத்தாதேங்கோ, "மொழிபெயர்ப்பாளர் திருத்திச் சொல்லுறா" எண்டு தமிழிலயும் பிரெஞ்சிலயும் சொல்லிட்டு சரியானதைச் சொல்லுங்கோ. வாசிக்கிற நடுவில உங்களைப் பற்றிச் சொல்லேக்க "மொழிபெயர்ப்பாளர்" எண்டுதான் சொல்லவேணும், ஏனெண்டா சம்மதப் பேப்பரில "ஜ சூசின்யே" எண்டு தொடங்கி எல்லாமே "நான்"தான். "நான் ஏற்றுக்கொள்ளுறன்" எண்டு நீங்கள் வாசிக்கேக்க வயசுபோன ஆக்களுக்கு ஆர் ஏற்றுக்கொள்ளுறது எண்டு குழம்பும். தொடங்க முதல் "அம்மா, இதில நான் எண்டு வாறதெல்லாம் உங்களைத்தான்" எண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டா முடிஞ்சுது.

ஆபத்துகள் எழுதின பகுதிக்கு வருவம், எங்கட ஆக்கள் கூடச் சறுக்கிற இடம் இது. குடல் சுவரில ஓட்டை விழலாம், அதுக்கு ஒப்பரேஷன் தேவைப்படலாம், ரத்தம் போகலாம், இதெல்லாம் மிக அபூர்வம் எண்டு பேப்பரில இருக்கும். முன்னால இருக்கிறது எங்கட அம்மா மாதிரி ஒரு ஆள், பயந்திடுவா எண்டு நினைச்சு "சின்னச் சின்னப் பிரச்சினை வரலாமாம், பெரிசா ஒண்டுமில்லை" எண்டு சொல்ல வாய் உன்னும். சொல்லாதேங்கோ. "அபூர்வம்" எண்டு இருந்தா அபூர்வம் எண்டதையும் சொல்லவேணும், "ஓட்டை" எண்டு இருந்தா ஓட்டை எண்டதையும் சொல்லவேணும், "வரலாம்" எண்டது "வரும்" ஆகக்கூடாது. அம்மா பயந்தா அந்தப் பயத்தை டொக்டருக்குச் சொல்லுங்கோ, ஆறுதல் சொல்லுறது அவற்ற வேலை, அவர் சொன்னா அதுக்கு ஒரு பெறுமதியும் இருக்கு. நீங்கள் சொல்லுற ஆறுதல் வெறும் ஆறுதல்தான்.

ஆனா பாஷை எளிமையா இருக்கலாம், இருக்கவும் வேணும். "பெருங்குடல் அகநோக்கல்" எண்டு செந்தமிழில சொன்னா அந்த அம்மாவுக்கு பிரெஞ்சே மேல். "கமரா போட்டுக் குடலைப் பாக்கிறது" எண்டா விளங்கும். டொக்டர் கொலோஸ்கோப்பி எண்டுதான் சொல்லப்போறார், அந்தப் பேரையும் ஒருக்காச் சேர்த்துச் சொல்லிவிடுங்கோ, ரொந்தேவுப் பேப்பரைப் பாக்கேக்க அடையாளம் தெரியும்.

சாப்பாட்டுப் பகுதி அடுத்த கண்ணி. வெள்ளை அரிசி, மக்கரோனி, மீன், கொழுப்பில்லாத இறைச்சி சாப்பிடலாம், மரக்கறி, பழம், பருப்பு வகை, தவிட்டோட உள்ள பாண் கூடாது எண்ட மாதிரி ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலை உள்ளபடி சொல்லுவீங்கள், அம்மா உடன கேப்பா: "அப்ப புட்டு சாப்பிடலாமோ? குரக்கன் மாப் புட்டு?" அந்தப் பேப்பரை எழுதின ஆளுக்குப் புட்டு எண்டா என்னெண்டே தெரியாது. இங்க நீங்கள் பதில் சொன்னா அது வைத்திய ஆலோசனை. ஆனா கேள்வியை வெறுமனே "புட்டு சாப்பிடலாமோ எண்டு கேக்கிறா" எண்டு மாத்திக் குடுத்தாலும் நேர்ஸ் முழிப்பா. அம்மாவிட்ட "புட்டு என்னத்தில செய்யிறது எண்டு நேர்ஸுக்குச் சொல்லுங்கோ அம்மா, நான் மாத்திச் சொல்லுறன்" எண்டு கேளுங்கோ, அவா குரக்கன் மாவும் தேங்காய்ப்பூவும் எண்டு சொல்லுவா, நேர்ஸுக்குத் தவிடும் நாரும் கண்ணில படும், பதில் தானா வரும். அதே மாதிரித்தான் சம்பலும் சிவப்பரிசிச் சோறும் பிளேன்ரீயும். இந்த அஞ்சு நிமிஷத்தைச் சுருக்காதேங்கோ, குடல் வடிவாக் கழுவுப்படாட்டி ஒண்டும் தெரியாமல் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டி வரும், அதுக்கு அநேகமாக் காரணம் இந்தப் பகுதியும் அடுத்த பகுதியும்தான்.

அடுத்த பகுதி எண்டது நேரம். குடல் கழுவிற மருந்தை இப்ப கனபேருக்கு ரெண்டு தரமாத்தான் எழுதுகினம், முதல் நாள் பின்னேரம் ஒருக்கா, சோதனை நாள் விடிய ஒருக்கா. பேப்பரில "லா வெய்" எண்டு இருக்கும், நாங்கள் "முதல் நாள்" எண்டுவம், அம்மாவுக்கு அது சாப்பாட்டுக் கட்டுப்பாடு தொடங்கிற முதலாவது நாளோ எண்டு குழம்பும். "20 மணி" எண்டு இருந்தா இரவு எட்டு எண்டு சொல்லவேணும். பிரெஞ்சுக்காரர் கதைக்கேக்க ஒரு கிழமையை "எட்டு நாள்" எண்டும் ரெண்டு கிழமையைப் "பதினைஞ்சு நாள்" எண்டும் சொல்லுவினம், இரும்புக் குளிசையை எட்டு நாளைக்கு முதல் நிப்பாட்டு எண்டு இருந்தா அது எந்தத் திகதி எண்டு நேர்ஸைக் கேட்டுத் திகதியாச் சொல்லுங்கோ. சோதனை வெள்ளிக்கிழமை எண்டா, "வியாழக்கிழமை பின்னேரம் முதல் போத்தல், வெள்ளிக்கிழமை விடிய ரெண்டாவது" எண்டு நேர்ஸ் வாயால சொல்லட்டும், நீங்கள் மாத்துங்கோ, பிறகு அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொல்லி நேர்ஸ் கேக்கட்டும். திருப்பிச் சொல்லேக்கதான் எது விளங்கேல்லை எண்டு தெரியும். "விளங்கிச்சுதோ" எண்டு கேட்டா எங்கட ஆக்கள் மரியாதைக்கு ஓம் எண்டுதான் சொல்லுவினம்.

வாயால சொல்லுறதுக்கு எல்லை இருக்கிறதும் இங்கதான். சம்மதப் பகுதி இப்ப, இந்த அறையில, கேட்டு முடிவெடுக்கிற விஷயம், அதை வாயால சொல்லலாம். மருந்து குடிக்கிற அட்டவணை வீட்டை போய் மூண்டு நாள் கழிச்சு குசினியில நிண்டு பாக்கிற விஷயம், அதை ஒருக்கா வாசிச்சுக் கேட்டதை வைச்சுச் செய்ய ஏலாது. அதுக்கு எழுத்தில தமிழ் வேணும், அதை முறையா எழுத்து மொழிபெயர்ப்புச் செய்யிற ஆளிட்டக் குடுங்கோ எண்டு கிளினிக்குக்குச் சொல்லுங்கோ. நீங்கள் பேப்பரின்ர ஓரத்தில பேனையால தமிழில கிறுக்கிக் குடுக்கிறது எனக்கு விருப்பமில்லை, ஆரும் சரிபாக்காத எழுத்து அது, பிழை இருந்தா உங்கட கையெழுத்திலயே இருக்கும். அம்மா தன்ர கையால, நேர்ஸ் சொல்லச் சொல்ல, கிழமையும் மணியும் எழுதினா அது பரவாயில்லை. இல்லாட்டி நேர்ஸ் சம்மதிச்சா அந்த அஞ்சு நிமிஷத்தை அம்மாவின்ர போனில ரெக்கோர்ட் பண்ணலாம், வீட்டில பிள்ளையளும் கேப்பினம். கேக்காமல் ரெக்கோர்ட் பண்ண விடாதேங்கோ.

சைன் வைக்கிற நேரம் அம்மா உங்களைப் பாத்து "வைக்கட்டோ பிள்ளை?" எண்டு கேப்பா. கட்டாயம் கேப்பா. அதையும் டொக்டருக்கு மாத்திச் சொல்லுங்கோ. பேப்பரில மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு இடம் இருந்தா, அது வாசிச்சுச் சொன்னதுக்கு மட்டும் எண்டு எழுதியிருந்தா சைன் வைக்கலாம். "நோயாளிக்கு விளங்கினது எண்டு உறுதிப்படுத்துறன்" எண்ட மாதிரி இருந்தா வைக்காதேங்கோ, சாட்சியா நிக்கிறது எங்கட வேலை இல்லை. 2012 இல வந்த எங்கட தொழில் சாசனத்தில நாலு விஷயம் இருக்கு: சொன்னதை மாத்தாமல் சொல்லுறது, ரகசியம், பக்கம் சாராதது, நோயாளி தானே முடிவெடுக்க விடுறது. இந்த இடத்தில நாலாவதுதான் உங்களுக்குக் கை குடுக்கும்.

இன்னும் மூண்டு இடத்தில மாட்டன் எண்டு சொல்லுங்கோ. முதலாவது, காத்திருக்கிற இடத்தில கடித உறையை நீட்டி "டொக்டரிட்டப் போக முதல் இதில என்ன இருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு பிள்ளை" எண்டு கேட்டா. உள்ளுக்கு பயாப்ஸி ரிசல்ட் இருக்கலாம். அவாக்கு இருக்கிற வருத்தத்தை முதன்முதலாச் சொல்லுற ஆள் நீங்களா இருக்கக்கூடாது, அதுவும் பத்துப் பேருக்கு நடுவில. "உள்ள போய் டொக்டருக்கு முன்னால வாசிப்பம் அம்மா" எண்டு சொல்லுங்கோ. ரெண்டாவது, டொக்டர் டொக்டருக்கு எழுதின கடிதம், கையெழுத்து விளங்காது, சுருக்கெழுத்து நிறைய. "ஆஷ் தே ஆ" எண்டா பிரஷர் எண்டு தெரிஞ்சிருக்கலாம், அதுக்குப் பக்கத்தில இருக்கிறதை ஊகிக்கவேண்டாம், டொக்டரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மாத்துங்கோ. மூண்டாவது, போனில செய்யிற நேரம். பேப்பரை நீங்கள் பாக்காமல் பாத்துச் சொல்ல ஏலாது, அவை வாசிக்க நீங்கள் மாத்தலாம், அது வேற வேலை, அதை அப்பிடியே சொல்லுங்கோ. அரைமணித்தியாலத்துக்கு மேல போற நீளப் பேப்பர் எண்டாலும் நடுவில நிப்பாட்டி இடைவேளை கேளுங்கோ, களைச்ச வாய் முதல்ல விடுறது "மட்டும்", "தவிர" எண்ட சொல்லுகளைத்தான்.

பழகிறதுக்கு வீட்டுக்கு வாற கடிதமே போதும், குடும்ப உதவிப்பணம் குடுக்கிற காஃப்பில இருந்து வாறது, இன்ஷூரன்ஸ், பள்ளிக்கூடத்துப் பேப்பர். மருந்துப் பெட்டிக்குள்ள இருக்கிற மடிச்ச பேப்பர் எல்லாத்திலயும் திறம், அதில நிபந்தனை வசனம் கனக்க இருக்கு. ஒரு நிமிஷம் கண்ணோட்டி, போனில ரெக்கோர்ட் பண்ணிக்கொண்டு ஒரு பத்தி சொல்லுங்கோ. அண்டைக்கே கேக்காதேங்கோ, நினைவில இருக்கிறதால பிழை தெரியாது. அடுத்த நாள் பிரெஞ்சுப் பேப்பரைக் கையில வைச்சுக்கொண்டு வரி வரியாக் கேளுங்கோ, விட்ட சொல்லைச் சிவப்பாலயும் நீங்களாச் சேர்த்த சொல்லை நீலத்தாலயும் கீறுங்கோ. சிவப்புக் கூட இருந்தா வேகம் கூடிப்போச்சு, கண் வசனத்தின்ர முடிவு மட்டும் போகேல்லை எண்டு அர்த்தம். நீலம் கூட இருந்தா நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிட்டீங்கள்.